15 ஆண்டா, 48 ஆண்டா: ஒரு கவர் பிளேட் முனையின் சோர்வுக் கணக்கு

சரிபார்த்துத் தரச்சொல்லி என்னிடம் வந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தது: 1.36. ஒரு எஃகுப் பாலத்தில், லாரிகள் திரும்பத் திரும்பப் போய் ஒரு குறிப்பிட்ட வெல்டிங் முனையில் சேர்த்திருக்கும் சோர்வுச் சேதம் அது. 1.0 வந்தாலே கணக்குப்படி ஆயுள் முடிந்தது என்று பொருள். அப்படியானால் பாலத்தில் உள்ள இதே மாதிரி முனைகளில் ஒன்றிலாவது விரிசல் தெரிந்திருக்க வேண்டும். பாலத்துக்கு வயது 34. போன ஆய்வில் எல்லா முனைகளையும் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பெயின்ட் கூட எங்கும் கோடு விட்டிருக்கவில்லை.

விரிசல் இல்லை என்பதால் மட்டும் கணக்கு தப்பு என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு தகைவு ஏறி இறங்கினால் எத்தனை சுழற்சி தாங்கும் என்று சொல்லும் சோர்வு வளைகோடுகள் பாதுகாப்பான பக்கம் சாய்த்து வரையப்பட்டவை. சராசரி முனை அதைவிட நன்றாகவே தாங்கும். ஆனாலும் ஒரே மாதிரி வேலைசெய்யும் பல முனைகளில் ஒன்று கூட வாய் திறக்கவில்லை என்றால், கணக்கை ஒருமுறை பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். பிரித்தேன். எங்கே பிழை இருக்கும் என்று நான் நினைத்தேனோ அங்கே இல்லை.

இடம்

16 மீட்டர் நீளமுள்ள, இரு கோடியிலும் தாங்கிகள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பாலம். ஐந்து எஃகு கர்டர்கள், மேலே கான்கிரீட் தளம். கர்டரின் அடிப்பட்டை, அதாவது கீழ் பிளாஞ்ச், 350 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன். நடுப்பகுதியில் வளைவுத் திருப்புமை அதிகம் என்பதால் அங்கே மட்டும் 280 அகலம், 16 தடிமனில் இன்னொரு தகட்டை அடியில் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். அதுதான் கவர் பிளேட். தாங்கியிலிருந்து 2.4 மீட்டரில் அது நின்றுவிடுகிறது, முனையில் குறுக்காக ஒரு ஃபில்லட் வெல்டிங்கோடு.

சட்டையில் ஒட்டுத்துணி முடியும் இடத்தில்தான் முதலில் கிழியும். இங்கேயும் அதே கதை. பிளாஞ்சில் ஓடிவரும் விசையில் ஒரு பங்கு, தகடு தொடங்கும் இடத்தில் அந்த முனை வெல்டிங் வழியாகத் திடீரென்று கீழே இறங்கியாக வேண்டும். அதனால் வெல்டிங் பிளாஞ்சைத் தொடும் விளிம்புக் கோட்டில் தகைவு குவிகிறது. அங்கேயே வெல்டிங் விட்டுச்சென்ற நுண்ணிய கசடும் அரிப்புப் பள்ளமும் இருக்கும். விரிசல் அந்தக் கோட்டில் பிறந்து, பாதி நீள்வட்டமாகப் பிளாஞ்சின் தடிமனுக்குள் இறங்கும்.

எஃகுக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதிமுறை யூரோகோட் 3-இன் 1-9 பகுதியில் இந்த அளவுள்ள முனைக்கு வகை 50. அதாவது 50 மெகாபாஸ்கல் வீச்சில் தகைவு ஏறி இறங்கினால் 20 லட்சம் சுழற்சி தாங்கும். வெல்டிங் இல்லாத வெறும் உருட்டுத் தகட்டுக்கு இதே அட்டவணை 160 தருகிறது. ஒட்டுப் போட்டதற்கு எவ்வளவு விலை என்று அதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் தகைவின் உச்சம் வருவதே இல்லை, வீச்சு மட்டும்தான் வருகிறது. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம். சாதாரண வலிமைக் கணக்கில் பழகியவர்களுக்கு இது முதலில் உறுத்தும். காரணம் வெல்டிங்கிலேயே இருக்கிறது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அதனால் அந்த இடத்தில் எஃகின் நெகிழ்வு வரம்பை ஒட்டிய இழுதகைவு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. லாரி வந்தாலும் போனாலும் அந்த ஒரு புள்ளியில் தகைவு அந்த உச்சத்திலிருந்து கீழே இறங்கி மறுபடி ஏறுகிறது, அவ்வளவுதான். பாலத்தின் சொந்த எடை எவ்வளவு என்பது அங்கே கிட்டத்தட்டக் கணக்கிலேயே இல்லை. எஃகின் வலிமைத் தரத்தை உயர்த்தினாலும் பலன் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் ஜான் ஃபிஷரும் அவருடைய குழுவும் லீஹை பல்கலைக்கழகத்தில் ஏராளமான வெல்டிங் உத்தரங்களைச் சோதித்து இதை உறுதிப்படுத்தினார்கள். ஆயுளைத் தீர்மானிப்பது தகைவு வீச்சும் இணைப்பின் வகையும்தான் என்பது அந்தச் சோதனைகளின் முடிவு.

முதல் சந்தேகம்: எண்ணியது சரியா

அறிக்கை எழுதியவர்கள் முனைக்கு அருகே, திரிபை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி 14 நாள் பதிவு எடுத்திருந்தார்கள். பதிவை மென்பொருளில் கொடுத்து ரெயின்ஃப்ளோ முறையில் சுழற்சிகளை எண்ணியிருந்தார்கள். நான் முதலில் சந்தேகப்பட்டது இந்த எண்ணிக்கையைத்தான், ஏனென்றால் வழக்கமாகக் கோளாறு வருவது அங்கேதான். ஆகவே ஒரே ஒரு லாரியின் பதிவை எடுத்துத் தாளில் போட்டுப் பார்த்தேன்.

ஐந்து அச்சு கொண்ட இழுவை லாரி. முன்பகுதியில் இரண்டு அச்சு, பின்னே டிரெய்லரில் நெருக்கமாக மூன்று. நாம் பார்க்கும் புள்ளி தாங்கிக்குப் பக்கத்தில் இருப்பதால், முன்பகுதி அதைக் கடக்கும்போது ஒரு உச்சம், டிரெய்லர் உள்ளே நுழையும் முன் ஒரு சரிவு, பிறகு டிரெய்லரால் பெரிய உச்சம், கடைசியில் பூச்சியம். மெகாபாஸ்கலில் திருப்புமுனைகள் இப்படி:

```
0 → 27 → 20 → 42 → 0
```

இதில் எத்தனை சுழற்சி? அடுத்தடுத்த திருப்புமுனைகளுக்கு இடையிலான வித்தியாசங்களை அரைச் சுழற்சிகளாக எண்ணுவது சுலபமான வழி: 27, 7, 22, 42. ஆனால் விரிசலின் பார்வையில் நடந்தது வேறு. லாரி வரும் முன் 0, உச்சத்தில் 42, போன பின் 0. இது 42 அளவில் ஒரு முழுச் சுழற்சி. ஏறும் வழியில் 27-லிருந்து 20-க்கு இறங்கி மறுபடி 27-ஐத் தொட்டது 7 அளவில் ஒரு குட்டிச் சுழற்சி. அது பெரிய ஏற்றத்தைக் கலைக்கவில்லை, அதற்குள் அடங்கிவிடுகிறது. உலோகத்தின் தகைவு–திரிபு வரைபடத்திலும் இப்படித்தான் பெரிய கண்ணிக்குள் சின்னக் கண்ணி மூடிக்கொள்ளும். ஜப்பானில் மட்சுயிஷியும் எண்டோவும் 1968-இல் முன்வைத்த முறை இது. பதிவைச் செங்குத்தாக நிறுத்தி, அடுக்குக் கூரைகளில் மழைநீர் வழிவதுபோல் பார்த்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியும். பெயரும் அதிலிருந்துதான் வந்தது.

வித்தியாசம் சின்னதா என்றால், இல்லை. சேதம் வீச்சின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதாக எடுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்:

```
அரைச் சுழற்சி முறை: (27³ + 7³ + 22³ + 42³) / 2 = 52381
ரெயின்ஃப்ளோ:        42³ + 7³                  = 74431
```

சுலபமான முறை 30 விழுக்காடு சேதத்தை விழுங்கிவிடுகிறது, அதுவும் ஆபத்தான பக்கமாக. அறிக்கைக்காரர்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. மென்பொருள் இந்த லாரிக்கு 42-ம் 7-ம் என்றுதான் எழுதியிருந்தது. இன்னும் ஐந்தாறு லாரிகள் போட்டுப் பார்த்தேன், எல்லாம் பொருந்தியது. பதிவு வேகமும் போதும்: லாரி ஓரிரு வினாடிகளில் பாலத்தைத் தாண்டிவிடும், அவர்கள் வினாடிக்கு 200 முறை அளந்திருந்தார்கள். 2 மெகாபாஸ்கலுக்குக் குறைந்த மின் இரைச்சலையும் வடிகட்டியிருந்தார்கள். வடிகட்டாமல் விட்டால் லட்சக்கணக்கில் குட்டிச் சுழற்சிகள் வந்து பட்டியலைப் பயமுறுத்தும், ஆனால் 1.5-இன் மும்மடி 3.4-தான், சேதத்தில் அவை ஒன்றும் செய்யாது. எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் பயப்படுவதில் பயனில்லை.

சரி, எண்ணியதில் பிழை இல்லை. அப்புறம் எங்கே?

42 எப்படி வந்தது

அந்த லாரியைப் பற்றி ஒரு நல்ல விஷயம், அது எடை தெரிந்த லாரி. சோதனைக்காகவே எடை போட்டு ஓட்டியது: முன் அச்சு 6.5 டன், அடுத்தது 11 டன், டிரெய்லரின் மூன்றும் தலா 7 டன். சுமை எங்கே நின்றால் அந்தப் புள்ளியில் எவ்வளவு திருப்புமை வரும் என்று காட்டுவது செல்வாக்குக் கோடு; இந்த எடைகளை அதில் வைத்துக் கையால் கணக்குப் போடலாம். தாங்கியிலிருந்து 2.4 மீட்டரில் அதன் உச்சம் 2.4 × 13.6 / 16, அதாவது 2.04 மீட்டர். டிரெய்லரின் கடைசி அச்சு அந்த உச்சத்தில் நிற்கும்போது மொத்தத் திருப்புமை 49.3 டன்-மீட்டர், சுமார் 484 கிலோநியூட்டன்-மீட்டர். அந்தத் தடத்துக்கு நேர் கீழே உள்ள கர்டர் இதில் ஏறக்குறைய பாதியைச் சுமக்கிறது. கவர் பிளேட் இல்லாத வெட்டுமுகத்தில், தளத்தோடு சேர்த்து, கீழ் விளிம்பின் வெட்டுமுகக் குணகம் 78 லட்சம் கன மில்லிமீட்டர். வகுத்தால் 31 மெகாபாஸ்கல்.

கேஜ் சொல்வது 42.

கையால் போடும் கணக்கு பொதுவாக அளவீட்டைவிட அதிகமாகத்தான் வரும். தளமும் கைப்பிடிச் சுவரும் தாங்கியின் உராய்வும் நாம் எண்ணாத உதவியைச் செய்வதால், உண்மைத் தகைவு கணக்கைவிடக் குறைவது வழக்கம். இங்கே தலைகீழாக, அளந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். 42 வர வேண்டுமானால் அந்த ஒரு கர்டரே லாரியில் 68 விழுக்காட்டைச் சுமக்க வேண்டும். பாலத்தின் நடுவில் ஐந்து கர்டர்களிலும் ஒட்டிய கேஜ்களோ பாதிக்கு மேல் பங்கு காட்டவில்லை.

அப்போதுதான் கேஜ் எங்கே ஒட்டப்பட்டது என்ற வரைபடத்தைத் தேடினேன். இணைப்பில் ஒரு புகைப்படம் இருந்தது. வெல்டிங் விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி, அழகாக, நேராக ஒட்டியிருந்தார்கள்.

ஒட்டியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. விரிசல் வரப்போகும் இடத்துக்கு எவ்வளவு கிட்டே அளக்கிறோமோ அவ்வளவு துல்லியம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வகை 50 என்ற வளைகோட்டுக்கு ஒரு பேசாத நிபந்தனை உண்டு. ஆய்வகத்தில் உத்தரங்களை உடைத்து அந்தக் கோட்டை வரைந்தபோது, சுழற்சி எண்ணிக்கைக்கு எதிராக அவர்கள் குறித்தது பெயரளவுத் தகைவை, அதாவது திருப்புமையை வெட்டுமுகக் குணகத்தால் வகுத்தால் கிடைப்பதை. முனையில் குவியும் தகைவு அந்தச் சோதனைத் துண்டுகளிலும் இருந்தது. அதன் பாதிப்பு 160-லிருந்து 50-க்கு இறக்கியதிலேயே அடங்கிவிட்டது. விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டரில் அளந்தால் அந்தக் குவிவின் ஒரு பகுதியைக் கேஜும் பார்க்கிறது. பிறகு அந்த எண்ணை வகை 50-இல் போட்டால் ஒரே குவிவை இரண்டு முறை எண்ணுகிறோம்.

விளிம்பருகே அளப்பதே தவறு என்றும் சொல்ல முடியாது. அதற்கென்று தனி முறை இருக்கிறது: தகட்டுத் தடிமனின் 0.4 மடங்கிலும் 1.0 மடங்கிலும் இரண்டு கேஜ் ஒட்டி, அந்த இரண்டையும் நேர்கோட்டில் விளிம்பு வரை நீட்டி, அங்கே கிடைக்கும் தகைவை அதற்குரிய, இதைவிட உயரமான வேறு வளைகோட்டில் போட வேண்டும். ஒற்றைக் கேஜை 8 மில்லிமீட்டரில் வைத்தால் அது இந்த முறையும் இல்லை, அந்த முறையும் இல்லை.

மறு அளவீடு

பழைய கேஜை அப்படியே விட்டுவிட்டு, விளிம்பிலிருந்து தாங்கியின் பக்கம் 150 மில்லிமீட்டர் தள்ளி, பிளாஞ்சின் இருபுறமும் ஒவ்வொன்றாகப் புதிய கேஜ் ஒட்டச் சொன்னேன். இரண்டின் சராசரியை எடுத்தால் பிளாஞ்ச் பக்கவாட்டில் வளைவதால் வரும் பங்கு கழிந்துவிடும். பழையதை எடுக்கவில்லை என்பது முக்கியம்: அதே லாரிகளை இரண்டு இடமும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும்.

தள்ளி ஒட்டியதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. 2.25 மீட்டரில் திருப்புமை 2.4 மீட்டரில் உள்ளதைவிடக் குறைவு. செல்வாக்குக் கோட்டின் உச்சங்களை ஒப்பிட்டால் 2.04-க்கு 1.934, ஆகவே அளந்ததை 1.055-ஆல் பெருக்க வேண்டும். ஐந்தரை விழுக்காடுதானே என்று விட்டுவிடத் தோன்றும். அதன் மும்மடி 1.17. ஆயுளில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே கைமாறிவிடும்.

எடை தெரிந்த லாரியை மறுபடி ஓட்டினோம். புதிய கேஜ் 140 மைக்ரோ திரிபு காட்டியது; எஃகின் மீள்மைக் குணகம் 210 கிகாபாஸ்கல் என்று பெருக்கினால் 29.4, திருத்தத்துக்குப் பிறகு 31. கையால் போட்ட கணக்கு வாசலுக்கே வந்து நின்றது. பழைய கேஜ் அதே நேரத்தில் அதே பழைய 42-ஐக் காட்டியது. பிறகு 14 நாள் ஓடவிட்டதில் இரண்டுக்கும் இடையிலான விகிதம், திருத்தத்துக்குப் பின், 1.35-ஐச் சுற்றியே இருந்தது.

இனி கூட்டல். வகை 50-ஐ 1.15 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்தேன். ஐந்து கர்டர்கள் இருப்பதால் ஒன்றில் விரிசல் வந்தாலும் மற்றவை தாங்கும், ஆய்வுக்கும் எட்டும் இடம் என்பதால் அதைவிடக் கடுமையான 1.35 என்ற பாதுகாப்புக் காரணி தேவைப்படவில்லை. கிடைத்த வளைகோடு மூன்று துண்டாக இருக்கிறது; Δσ என்பது தகைவு வீச்சு, N தாங்கும் சுழற்சிகள், n நடந்த சுழற்சிகள், D சேதம்:

```
Δσ ≥ 32.0          N = 5·10⁶ · (32.0/Δσ)³
17.6 ≤ Δσ < 32.0   N = 5·10⁶ · (32.0/Δσ)⁵
Δσ < 17.6          சேதம் இல்லை
D = Σ (n / N)
```

கடைசி வரி மைனர் கூட்டல். ஒரு வீச்சில் N சுழற்சிகள் தாங்கும் என்றால், நடந்த n சுழற்சிகள் ஆயுளில் n/N பங்கைத் தின்றன என்ற எளிய ஏற்பாடு. பந்துத் தாங்கிகளுக்காக பாம்கிரென் 1924-இல் சொன்னதை 1945-இல் மைனர் மறுபடி எடுத்து நிறுத்தினார். எந்தச் சுழற்சி முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று அது கேட்பதில்லை. அந்தக் குறை பின்னால் நமக்கு வேலை வைக்கும்.

14 நாள் பட்டியல், ஒவ்வொரு கட்டின் நடுமதிப்பை வைத்து:

```
வீச்சு     சுழற்சி   சேதம் (×10⁻⁴)
 5–10     21400     –
10–15      7800     –
15–20      4600     –
20–25      3900    1.33
25–30      2700    2.52
30–35      1150    2.40
35–40       310    0.99
40–45        70    0.33
45–50        12    0.08
மொத்தம்            7.65
```

இந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் நின்றேன். முதலாவது, சேதத்தின் மூன்றில் இரண்டு பங்கு 25-க்கும் 35-க்கும் இடையில் இருக்கிறது. அவை முழுச்சுமையோடு போகும் சாதாரண லாரிகள். எல்லோரும் கைகாட்டும் அளவுமீறிய பாரவண்டிகள், அந்தக் கடைசி மூன்று வரிகள், எல்லாம் சேர்ந்தும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழ். ஒன்றொன்றும் கொடியதுதான், ஆனால் எண்ணிக்கை போதாது.

இரண்டாவது, 15–20 கட்டு. அதன் நடுமதிப்பு 17.5, வெட்டு எல்லை 17.6. பத்தில் ஒன்று தப்பியதால் 4600 சுழற்சிகள் ஒட்டுமொத்தமாகப் பூச்சியம் ஆகிவிட்டன. கட்டை வேறு மாதிரி பிரித்திருந்தால் ஆகியிருக்காது. மூலப் பதிவிலிருந்து தனித்தனி மதிப்புகளை எடுத்துப் போட்டதில் பாதிக்குச் சற்று ஏறக்குறைய எல்லைக்கு மேலே இருந்தன. அவற்றின் சேதம் 0.31 சேர்ந்து மொத்தம் 7.96 ஆனது. பெரிய மாற்றம் இல்லை. ஆனால் எல்லைக்கோடு விழும் கட்டை எப்போதும் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஆண்டுக்கு 26 இரண்டு-வாரங்கள். ஆண்டுச் சேதம் 0.0207, அதாவது இன்றைய போக்குவரத்து மாறாமல் இருந்தால் தொடக்கத்திலிருந்து 48 ஆண்டு. பழைய கேஜின் பதிவை அதே வளைகோட்டில் போட்டால் 15 ஆண்டு. 1.35 மடங்கு தகைவு, மூன்று மடங்குக்கும் மேல் ஆயுள் வித்தியாசம்.

கடந்த 34 ஆண்டுகளில் போக்குவரத்து இன்று போல் இல்லை. பழைய வாகன எண்ணிக்கைகளை வைத்து, சராசரியாக இன்றைய வேகத்தில் 60 விழுக்காடு என்று அறிக்கைக்காரர்கள் எடுத்திருந்தார்கள். அது நியாயமாகவே பட்டது. அப்படியானால் பாலம் கடந்து வந்தது இன்றைய கணக்கில் 20.4 ஆண்டு. 15-ஆல் வகுத்தால் அந்த 1.36. 48-ஆல் வகுத்தால் 0.42.

இத்தோடு முடித்திருக்கலாம்

முடித்திருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இன்னும் 28 ஆண்டு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். என்னைத் தடுத்தது அந்த வளைகோட்டின் இரண்டாவது, மூன்றாவது வரிகள்.

எல்லாச் சுழற்சியும் 32-க்குக் கீழே இருந்தால் விரிசல் வளரவே தொடங்காது. 32 என்ற எல்லைக்கு அதுதான் பொருள். ஆனால் இங்கே அதைத் தாண்டும் லாரிகள் இருக்கின்றன. அவை நுண்ணிய விரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கும். விரிசல் நீள நீள, அதை நகர்த்தத் தேவைப்படும் வீச்சு குறையும். நேற்று வரை ஒன்றும் செய்யாத 16 மெகாபாஸ்கல் சுழற்சி ஒருநாள் வேலைசெய்யத் தொடங்கும். வரிசையைக் கேட்காத மைனர் கூட்டலுக்கு இது தெரியாது. நடு வரியில் மும்மடிக்குப் பதில் ஐந்தாம் அடுக்கை வைத்து, அதாவது சரிவை 3-லிருந்து 5 ஆக்கியிருப்பது இதைத் தோராயமாகச் சமாளிக்கும் ஏற்பாடு.

கவர் பிளேட் முனைக்கு இது வெறும் ஏட்டுக் கவலையும் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் யெல்லோ மில் பாண்ட் பாலத்தில் 1970-இல் ஒரு கர்டரின் கீழ் பிளாஞ்ச் இதே மாதிரி கவர் பிளேட் முனையில் பிளந்துகிடந்தது. பாலம் திறந்து பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பிறகு அளந்து பார்த்ததில் தகைவு வீச்சுகள் பெரும்பாலும் எல்லைக்குக் கீழேயே இருந்தன. லாரிகளின் எண்ணிக்கைதான் மலைபோல். எல்லையைத் தாண்டியவை மிகச் சிலவே. அந்தச் சிலவே கதவைத் திறந்துவிட, மற்றவை உள்ளே புகுந்தன. அதன் பிறகு நடந்த நீண்ட சோதனைகளையொட்டி அமெரிக்க விதிமுறையில், சிறிய அளவில் எல்லை மீறல் இருந்தாலும் சரிவு 3-ஐ அப்படியே கீழே வரை நீட்டுவது வழக்கமாகிவிட்டது.

நமது பட்டியலில் 35-ஐத் தாண்டியவை மட்டும் நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அலட்சியப்படுத்தும் அளவு இல்லை. எனவே அதே சுழற்சிகளை, வெட்டு எல்லையே இல்லாமல், ஒற்றைச் சரிவு 3-இல் மறுபடி கூட்டினேன். 14 நாள் சேதம் 12.9 ஆனது. ஆயுள் 48-லிருந்து 30. இதுவரை கழிந்தது 0.68. இன்றைய போக்குவரத்தில் மிச்சம் 28 இல்லை, 10-க்குக் கீழ்.

எது உண்மை? இரண்டுமே விதிக்கு உட்பட்டவை, இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் என் எண்ணம். முதல் அறிக்கையின் பிழை போல இது திருத்தக்கூடிய பிழையும் இல்லை. 14 நாள் அளவீடு ஆண்டு முழுவதையும் சொல்லுமா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது; பருவத்துக்குப் பருவம் சரக்கு மாறும் சாலை அது. ஆகவே மிச்சத்தை 10 என்று வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிப்பதுதான் சரி என்று பட்டது.

கனமான தடத்துக்குக் கீழே உள்ள இரண்டு கர்டர்களின் நான்கு முனைகளிலும் பெயின்டைச் சுரண்டி, காந்தத் துகள் சோதனை செய்தோம். மூன்று சுத்தம். ஒன்றில் விளிம்பின் நடுவே 18 மில்லிமீட்டர் நீளத்தில் துகள்கள் ஒரு கோடாகச் சேர்ந்தன. மெல்லிய அரவைக் கல்லால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் மறுபடி துகள் தூவிப் பார்த்ததில், 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் கோடு மறைந்துவிட்டது. கட்டிய நாளிலேயே விழுந்த அரிப்புப் பள்ளத்தின் மடிப்பா, வளரத் தொடங்கிய விரிசலா என்று தேய்த்து முடித்த பின் சொல்ல வழியில்லை. எடுத்தாயிற்று, அவ்வளவுதான்.

பிறகு நான்கு முனைகளின் விளிம்பையும் சுத்தியல் முறையில் அடித்து இறுக்கச் சொன்னோம். கடினமான முள்முனை விளிம்புக் கோட்டை வேகமாகத் தட்டிக்கொண்டே போகும். மேற்பரப்பு நசுங்கி, முன்பு இழுவிசை இருந்த இடத்தில் அமுக்குவிசை தங்கும். புதிதாகக் கட்டும்போது பட்டறையில் செய்வதைவிட நிற்கும் பாலத்தில் செய்வது இதற்கு ஒரு வகையில் நல்லது, ஏனென்றால் சொந்த எடையின் இழுவை ஏற்கெனவே ஏறி நிற்கிறது. புதிய அமுக்கத்தை இனி லாரி மட்டும்தான் தின்ன முடியும். விரிசல் உள்ளே ஆழமாக இருக்கும் இடத்தில் இதைச் செய்தால் வாயை மூடிவிட்டு உள்ளே வளரவிட்ட கதையாகிவிடும். அதனால்தான் துகள் சோதனை முதலில்.

திருத்திய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இப்போது 0.42, 0.68 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன, எது எந்த ஏற்பாட்டில் வந்தது என்ற ஒரு வரியோடு. அடுத்த துகள் சோதனை இரண்டு ஆண்டில். கேஜ் ஒட்டிய இடத்தின் படத்தை இணைப்பிலிருந்து எடுத்து முதல் பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அதிலேயே குறித்திருக்கிறார்கள்.